அடிக்கடி வேலை மாறிய அக்கவுண்டன்டை எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர், கோவை பக்கம் இருக்கும் நடுத்தர பனியன் கம்பெனிகள், சாயப்பட்டறைகள், மில்களுக்கு கணக்குப் பிரிவு ஆள் தேடும் வேலையில் எனக்கு அதிகம் வரும் கேள்விகள் இவை. அக்கவுண்டன்ட் என்ற ஒரே வேலையை மட்டும் வைத்துத்தான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எவ்வளவு காலம் இருந்தால் போதும் என்பது வேலைக்கு வேலை மாறும்.

எத்தனை மாசத்துக்குக் கம்மியா இருந்தா நிலைக்காத ஆள்னு எடுத்துக்கறது? நாங்க ரெண்டு வருஷம்னு வெச்சிருக்கோம்.

இரண்டு வருடம் என்ற கோட்டை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. கணக்கு வேலைக்கு என்று இயல்பாகவே ஒரு சுற்று இருக்கிறது, அதை வைத்து அளந்து பாருங்கள். மாதாமாதம் 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்டுவது, 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 14-ஆம் தேதி, சப்ளையர்கள் ஏற்றிய பில்களைக் காட்டும் 2பி வந்ததும் கொள்முதல் பில்லோடு ஒத்துப் பார்ப்பது, 15-க்குள் பிஎஃப், 20-ஆம் தேதி 3பி. இதெல்லாம் சின்னச் சுற்று, புதிதாக வந்தவர் இரண்டு மூன்று மாதத்தில் பிடித்துக்கொள்வார். பெரிய சுற்று மார்ச் 31-இல் வருடக் கணக்கு முடிப்பதில் தொடங்கி, வழக்கமாக செப்டம்பர் 30-க்குள் டாக்ஸ் ஆடிட், அக்டோபர் 31-க்குள் வருமான வரி ரிட்டர்ன், டிசம்பர் 31-க்குள் ஜிஎஸ்டி வருடாந்திர ரிட்டர்ன் என்று போய் முடிகிறது. சில வருடம் கெடு தள்ளிப்போகும், ஆனால் வரிசை மாறாது.

ஒருவர் எழுதிய கணக்கு சரியா தப்பா என்பது அவர் எழுதும்போது தெரியாது. ஆடிட்டர் உட்கார்ந்து புரட்டும்போதுதான் தெரியும். சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு மறந்த தொகை, ஒரே பார்ட்டிக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தது, 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுத்தது எல்லாம் அப்போதுதான் மேலே வரும். அதனால் நான் மாதத்தை எண்ணுவதில்லை. தான் முடித்த வருடக் கணக்கை ஆடிட் வரைக்கும் கூட இருந்து பார்த்தாரா என்றுதான் பார்க்கிறேன். டிசம்பரில் சேர்ந்து அடுத்த டிசம்பரில் போனவர் 13 மாதத்தில் ஒரு முழுச் சுற்றைப் பார்த்திருப்பார். மே மாதம் சேர்ந்து அடுத்த ஆகஸ்டில் போனவர் 16 மாதம் இருந்தும் அதைப் பார்த்திருக்க மாட்டார்.

உங்கள் தொழிலில் பழகவே நாள் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனி என்றால் நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஜாப் ஒர்க் பத்து இடத்துக்குப் போய் வருகிறது. ஒரே சாயப்பட்டறை அப்பா பெயரில் ஒரு பில், மகன் பெயரில் ஒரு பில் என்று போடும். எந்த டெலிவரி சலான் எந்த பில்லோடு சேரும் என்று புதியவருக்குப் பிடிபட ஆறு மாதம் ஆகிவிடும். ஆள் நிலைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அளக்கும் அளவுகோலைத்தான் மாற்றச் சொல்கிறேன்.

ரெண்டு பேர் ரெசியூமே வந்திருக்கு. ரெண்டுமே மூணு வருஷத்துல மூணு கம்பெனி. ரெண்டையும் ஒதுக்கிடலாமா?

ஒதுக்காதீர்கள், தேதியை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இதற்காகவே நான் எடுத்துக்காட்டும் ஒரு ஜோடி இருக்கிறது.

முதல் ஆள் 2021 டிசம்பரில் சேர்ந்து 2022 டிசம்பர் முடியும் வரை ஒரு இடம். 2023 ஜனவரியிலிருந்து ஜூலை வரை இன்னொரு இடம். அப்புறம் 2023 செப்டம்பரிலிருந்து 2024 அக்டோபர் வரை மூன்றாவது இடம். மொத்தம் 34 மாதம்.

இரண்டாவது ஆள் 2021 ஆகஸ்டிலிருந்து 2022 பிப்ரவரி வரை, 2022 ஜூனிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை, 2023 நவம்பரிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை. மொத்தம் 32 மாதம்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இல்லை. இரண்டாமவர் ஒரு இடத்தில் 15 மாதம் இருந்திருக்கிறார், முதலாமவர் எங்கேயும் 14 மாதத்தைத் தாண்டவில்லை. ஆனால் சுற்றை வைத்துப் பாருங்கள். முதலாமவர் முதல் இடத்தில் மார்ச் கணக்கு முடித்து, ஆடிட் பார்த்து, வருடாந்திர ரிட்டர்ன் முடியும் மாதம் வரை இருந்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்றாவது இடத்திலும் ஆடிட் முடிந்து அக்டோபர் கடைசியில்தான் கிளம்பியிருக்கிறார். நடுவில் உள்ள ஏழு மாதம் மட்டும்தான் அரைகுறை, அங்கே என்ன நடந்தது என்று கேட்டால் போதும். இரண்டாமவரோ முதல் இடத்தில் வருடக் கணக்கு முடிக்க ஒரு மாதம் இருக்கும்போது போய்விட்டார், இரண்டாவது இடத்திலும் மூன்றாவது இடத்திலும் ஆடிட்டுக்கு முந்தைய மாதம் போய்விட்டார். மூன்றிலும் தான் எழுதிய கணக்கைக் கேள்வி கேட்கும் நேரத்தில் அவர் அங்கே இல்லை.

இதனால் இரண்டாமவர் தப்பானவர் என்று ஆகிவிடாது. ஒருமுறை தற்செயல், இரண்டுமுறை கூட அமையலாம், மூன்றுமுறை அதே பருவத்தில் என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். நேரில் கூப்பிட்டுக் கேளுங்கள். ஒருவேளை ஆடிட் நேரத்தில் வருகிற தப்பையெல்லாம் அவர் தலையில் கட்டும் முதலாளிகளிடமே தொடர்ந்து மாட்டியிருக்கலாம். அப்படி இருந்தால் அதற்கான விவரத்தை அவரால் சொல்ல முடியும், பொத்தாம்பொதுவாகப் பேச மாட்டார்.

ஒரு எச்சரிக்கை. எல்லாக் கம்பெனிக்கும் டாக்ஸ் ஆடிட் கிடையாது. வியாபாரம் 1 கோடியைத் தாண்டினால் ஆடிட், ரொக்கப் புழக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் அந்த வரம்பு 10 கோடி. சின்ன இடத்தில் வேலை பார்த்தவரிடம் ஆடிட் பற்றிக் கேட்டு, தெரியவில்லை என்று தள்ளிவிடாதீர்கள். பாங்குக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் யார் தயாரித்தார்கள், ஓவர்டிராஃப்ட் கணக்கைப் புதுப்பிக்கும்போது பாங்கு மேனேஜர் என்ன கேட்டார் என்று கேளுங்கள். அதுவும் வருடத்துக்கு ஒருமுறை வரும் சோதனைதான்.

ரெசியூமேல போடற தேதியை எப்படி நம்பறது? எல்லாரும் நடுவுல இருக்கிற சின்ன வேலையை மறைச்சு ரெண்டு பக்கமும் இழுத்து எழுதறாங்களே.

இழுத்து எழுதுவது நடக்கிறது, அதனால்தான் வருடத்தை மட்டும் போட்ட ரெசியூமேயில் மாதத்தையும் எழுதித் தரச் சொல்வேன். "2021 - 2023" என்பது 2021 டிசம்பர் முதல் 2023 ஜனவரி வரை என்றும் இருக்கலாம், முழுசாக மூன்று வருடம் என்றும் இருக்கலாம்.

சரிபார்க்க நல்ல வழி பிஎஃப் கணக்கு. யுஏஎன் எண் வைத்திருப்பவர் இபிஎஃப்ஓ உறுப்பினர் தளத்தில் உள்ளே போய் View பகுதியில் Service History பார்த்தால் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தார், எப்போது விட்டார் என்று வரிசையாக வரும். அதை நீங்கள் பார்க்க முடியாது, அவர்தான் எடுத்துக் காட்ட வேண்டும். பாஸ்வேர்டைக் கேட்காதீர்கள். எதிரில் உட்கார்ந்து அவர் போனிலேயே திறந்து காட்டச் சொன்னால் போதும், அதையும் ஆளை ஏறக்குறைய முடிவு செய்த பிறகு கேட்பதுதான் மரியாதை.

இதில் வரும் முரண்பாட்டை உடனே பொய் என்று எடுத்துக்கொண்டால் நல்ல ஆளை இழப்பீர்கள். 20 பேருக்குக் கீழே வேலை செய்யும் இடத்துக்குப் பிஎஃப் கட்டாயம் இல்லை, அந்த வேலை பட்டியலிலேயே வராது. ஆடிட்டர் அலுவலகங்கள் பெரும்பாலும் இந்த வகை. இன்னொன்று, ஆள் சேர்ந்த அன்றைக்கே முதலாளி பதியாமல் மூன்று நான்கு மாதம் கழித்துப் பதிவது இங்கே சகஜம், அதனால் சேர்ந்த தேதி பின்தங்கிக் காட்டும். விட்ட தேதியைப் போடாமலே விட்டுவிடும் கம்பெனிகளும் உண்டு. கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் ஆன பிறகு உறுப்பினரே அந்தத் தேதியைப் பதிந்துகொள்ளலாம், ஆனால் அது பலருக்குத் தெரியாது. ஒப்பந்த நிறுவனம் மூலமாக வேலை பார்த்தவருக்கு அந்த ஒப்பந்த நிறுவனத்தின் பெயர்தான் வரும். இரண்டு வருடம் ஒரே மில்லில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், நடுவில் ஒப்பந்தக்காரர் மாறியதால் ஏட்டில் இரண்டு கம்பெனி என்று இருக்கும். அதை வேலை மாற்றமாக எண்ணவே கூடாது.

பிஎஃப் இல்லாத இடத்துக்கு சம்பளம் ஏறிய பாங்கு வரிகளைக் காட்டச் சொல்லலாம், மற்ற வரிகளை மறைத்துவிட்டு. ஃபார்ம் 16 எல்லோரிடமும் இருக்காது. வரி பிடிக்கும் அளவுக்குச் சம்பளம் வாங்காதவரிடம் அதைக் கேட்டு நிற்காதீர்கள்.

நான் ஆளைத் தள்ளுவது ஒரே ஒரு இடத்தில்தான். மாதம் போட்டு எழுதிக் கொடுங்கள் என்று கேட்ட பிறகும் ஒரு வேலையையே மறைத்தால். சின்ன வேலை இருந்தது பிரச்சினை இல்லை, நேராகக் கேட்டபோது மறைத்ததுதான் பிரச்சினை. பணத்தைக் கையாளும் நாற்காலிக்கு வருகிறவர் இவர்.

"ஏன் விட்டீங்க"ன்னு கேட்டா எல்லாரும் "பெட்டர் ஆப்பர்ச்சூனிட்டி"ன்னுதான் சொல்றாங்க. வேற என்ன கேட்கறது?

அந்தக் கேள்விக்கு ஊரே பதில் தயார் செய்து வைத்திருக்கிறது, அதைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கடைசி மாதத்தைப் பற்றிக் கேளுங்கள். எப்போது சொன்னீர்கள், எத்தனை நாள் நோட்டீஸ், உங்களுக்குப் பதில் ஆள் வந்தாரா, யாரிடம் என்ன ஒப்படைத்தீர்கள்.

ஒழுங்காகக் கிளம்பியவர் இதற்கு விவரத்தோடு பேசுவார். "பாங்கு ரீகன்சிலியேஷன் பிப்ரவரி வரைக்கும் முடிச்சிருந்தேன் சார், மார்ச்சுல ஆறு செக் நிலுவை, அதை எழுதி வெச்சேன். சாயப்பட்டறை ஒண்ணு ஜிஎஸ்டிஆர்-1 போடாம இருந்தாங்க, அவங்க பில் மூணு 2பி-ல வரலை, அதை மட்டும் ஃபாலோ பண்ணச் சொல்லிட்டு வந்தேன்." இப்படிப் பேசுகிறவர் எட்டே மாதம் இருந்திருந்தாலும் அந்த எட்டு மாதமும் வேலை பார்த்திருக்கிறார்.

நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஜிஎஸ்டி தளத்திலும் வருமான வரித் தளத்திலும் அந்தக் கம்பெனிக்கு ஓடிபி யார் போனுக்கு வந்தது, நீங்கள் கிளம்பும்போது அதை மாற்றினீர்களா? சின்னக் கம்பெனிகளில் முதலாளிக்கு நேரமில்லாமல் அக்கவுண்டன்டின் சொந்த நம்பரையே கொடுத்துவிடுவார்கள். ஆள் போன பிறகு 20-ஆம் தேதி ராத்திரி ஓடிபிக்காக அவரைத் தேடி அலைவார்கள். கிளம்பும் முன் முதலாளியைப் பக்கத்தில் உட்கார வைத்து நம்பரையும் மெயிலையும் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தவர் என்றால், எனக்கு அவர் இருந்த மாதங்களின் எண்ணிக்கை பெரிதாகத் தெரியாது. "இன்னும் என் நம்பர்தான் இருக்குதுன்னு நினைக்கிறேன்" என்று சாதாரணமாகச் சொல்கிறவரிடம், எவ்வளவு வருட அனுபவம் இருந்தாலும், நான் இன்னும் கொஞ்சம் தோண்டுவேன்.

அப்புறம் ஏன் சேர்ந்தீர்கள் என்று ஒவ்வொரு இடத்துக்கும் கேளுங்கள். விட்ட காரணத்தைவிட சேர்ந்த காரணம்தான் அதிகம் சொல்லும். என்ன வேலை, யார் கீழே வேலை, சம்பளம் எந்தத் தேதியில் என்று எதுவும் விசாரிக்காமல் ஒவ்வொரு முறையும் சேர்ந்தவர், உங்களிடமும் அப்படியே விசாரிக்காமல் சேருவார், வந்த பிறகு பிடிக்காமல் போகும். நேர்முகத்தில் உங்களைக் குடைந்து கேள்வி கேட்கும் ஆள் நிலைப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்பது என் அனுபவம்.

போன எட்டு வருஷத்துல ஒருத்தர் ரெண்டு தடவை நவம்பர்ல விட்டிருக்கார், ஒரு தடவை நாலரை வருஷத்துல விட்டிருக்கார். இதுக்கு ஏதாச்சும் அர்த்தம் உண்டா?

நவம்பருக்கு அர்த்தம் தீபாவளி போனஸ். வருடம் முழுக்க உழைத்ததற்கான போனஸ் தீபாவளிக்குத்தான் கையில் வரும் என்கிறபோது, வேலை மாற முடிவு செய்தவர் அதை வாங்கிக்கொண்டு கிளம்புவது இயல்பு. ஆடிட்டும் அதற்குள் முடிந்திருக்கும். எனக்கு இது நல்ல பருவம் என்றே படுகிறது.

நாலரை வருடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் கிராஜுவிட்டி உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000 வாங்குகிறவர் என்றால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வருடத்துக்கு 15,000, ஐந்து வருடத்துக்கு 75,000. இது தெரிந்த எந்த அக்கவுண்டன்டும் காரணமில்லாமல் ஆறு மாதத்துக்கு முன்னால் விட்டுவிட்டுப் போக மாட்டார். ஐந்து வருடம் ஆவதற்கு முன் ஆளைக் கழற்றிவிடும் முதலாளிகள் இருக்கிறார்கள், அதனால் அவராக விட்டாரா, விட வைத்தார்களா என்று பதமாகக் கேளுங்கள். அது அவர் குற்றமாக இருக்கத் தேவையில்லை.

முதலாளி சம்பளம் தரலைன்னு விட்டேன், கம்பெனி மூடிட்டாங்கன்னு சொல்றாங்க. இதை நம்பலாமா?

இந்தத் தொழிலில் இதெல்லாம் நிஜமாகவே நடக்கிறது. ஆர்டர் நின்றால் யூனிட்டை மூடுவார்கள், பங்காளிகள் பிரிவார்கள், ஒரே கம்பெனி இரண்டு பெயராகும். 2020 மார்ச் ஊரடங்குக்குப் பிறகு வந்த ஒன்றரை வருடத்தில் மாறியவர்களிடம் நான் அந்த மாற்றத்தைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

கம்பெனி மூடியதைச் சரிபார்ப்பதும் சுலபம். பழைய பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுத் தேடினால் பதிவு நடப்பில் இருக்கிறதா, ரத்தாகியிருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ரிட்டர்ன் எதுவரை போட்டிருக்கிறார்கள் என்றும் அங்கேயே காட்டும். அவர் சொன்ன மாதத்தோடு ரிட்டர்ன் நின்ற மாதம் ஒத்துப்போனால் அதற்கு மேல் அவரைக் குடையத் தேவையில்லை.

பழைய முதலாளிக்குப் போன் பண்ணிக் கேட்டா போதாதா?

கேளுங்கள், ஆனால் இப்போது வேலை பார்க்கும் இடத்துக்கு மட்டும் அவரைக் கேட்காமல் போன் போடாதீர்கள். திருப்பூரில் ஒரு சங்கக் கூட்டத்தில் வாய்தவறிச் சொன்னாலே இருக்கிற வேலையும் போய்விடும்.

முதலாளியிடம் கேட்டால் நல்ல ஆளைப் பற்றிக் கோபமாகப் பேசுவார், போய்விட்டாரே என்ற கோபம். தலைவலி கொடுத்த ஆளைப் பற்றி "நல்ல பையன்" என்று முடித்துவிடுவார், நமக்கு எதுக்கு வம்பு என்று. அதனால் அந்தக் கம்பெனியின் ஆடிட்டர் அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர் யாரென்று விண்ணப்பித்தவரிடமே கேட்டு, அவர் சம்மதத்தோடு பேசுவதை நான் அதிகம் நம்புகிறேன். கம்பெனி விவரம் எதையும் கேட்கக் கூடாது, ஆடிட்டர் சொல்லவும் மாட்டார். "கேட்ட வவுச்சர் கேட்ட அன்னைக்கு வந்ததா, திரும்ப வேலைக்கு எடுப்பீங்களா" என்ற இரண்டு கேள்வி போதும்.

கல்யாணம் ஆகாத பொண்ணு. எடுத்தா ரெண்டு வருஷத்துல கல்யாணம் ஆகிப் போயிடுவாங்கன்னு அப்பா வேண்டாங்கறார்.

அப்பாவிடம் கேளுங்கள், போன ஐந்து வருடத்தில் உங்கள் கம்பெனியை விட்டுப் போன ஆண்கள் எதற்காகப் போனார்கள் என்று. யாரும் அந்தப் பட்டியலை எடுத்துப் பார்ப்பதில்லை. கல்யாணம் எப்போது, குழந்தை எப்போது என்று நேர்முகத்தில் கேட்காதீர்கள். அது உங்களுக்கு எதையும் சொல்லாது, அவர் மனதில் அந்த நிமிடமே உங்கள் கம்பெனி விழுந்துவிடும்.

பெண்களின் ரெசியூமேயில் இடைவெளியும் வேலை மாற்றமும் அதிகம் தெரிவதற்குக் காரணம், வீட்டார் ஊர் மாறும்போது அவர்கள் வேலைதான் முதலில் போகிறது. ஈரோட்டிலிருந்து கோவைக்கு, கோவையிலிருந்து அவிநாசிக்கு என்று மாற்றம் ஊரோடு சேர்ந்து நடந்திருந்தால் அதை நிலையில்லாமை என்று படிக்கக் கூடாது. எல்லா விண்ணப்பதாரரிடமும், ஆண் பெண் யாராக இருந்தாலும், ஒரே மாதிரி கேட்கக்கூடியது ஒன்று இருக்கிறது. தினமும் எங்கிருந்து வருவீர்கள், ரிட்டர்ன் போடும் நாளில் எட்டு மணி ஆனால் எப்படிப் போவீர்கள்? இதைக் கேட்டுவிட்டு நீங்கள் வண்டி ஏற்பாடு செய்தால், பெண்கள்தான் அதிகம் நிலைக்கிறார்கள் என்பதைப் பல யூனிட்டுகளில் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வொரு தடவையும் சம்பளத்துக்காகத்தான் மாறினேன்னு வெளிப்படையா சொல்றார். இவரை எடுத்தா நாளைக்கு எங்களையும் விட்டுட்டுப் போயிடுவாரே?

வெளிப்படையாகச் சொன்னதே பாதி நிம்மதி. எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு என்று கேளுங்கள். 14,000-த்தில் தொடங்கி, 18,000, 24,000 என்று ஏறியிருக்கிறார் என்றால், அவர் கற்றுக்கொண்டதற்கான விலையை பழைய இடம் தரவில்லை என்று அர்த்தம். உள்ளேயே இருந்தவருக்கு வருடத்துக்கு 1,000 ஏற்றிவிட்டு, புதிதாக வருகிறவருக்கு 6,000 அதிகம் கொடுக்கும் பழக்கம் இங்கே எல்லா இடத்திலும் இருக்கிறது. அதைச் செய்துவிட்டு ஆள் மாறுகிறார் என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை.

28,000-த்திலிருந்து 29,000-த்துக்கு ஒருவர் மாறினால்தான் நான் கவனிப்பேன். ஆயிரம் ரூபாய்க்காக யாரும் மாறுவதில்லை. வேறு ஏதோ இருக்கிறது, அதை அவர் சொல்லவில்லை.

மூணு வருஷம் பாண்டு எழுதி வாங்கி, ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வாங்கி வெச்சுட்டா பிரச்சினை இல்லைல்ல?

சர்டிபிகேட்டைத் தொடாதீர்கள். அது அவருடைய சொத்து, பிடித்து வைத்தால் வழக்கு உங்கள் பக்கம்தான் திரும்பும்.

பாண்டைப் பற்றி, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா பாங்கு வழக்கில் மூன்று வருடத்துக்குள் விட்டால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்ததைப் பலர் எனக்கு அனுப்பினார்கள். அங்கே அது பொதுத்துறை வங்கி. ஆளெடுக்க வெளிப்படையாக விளம்பரம் கொடுத்து, தேர்வு வைத்துச் செலவு செய்ய வேண்டிய கட்டாயம் உள்ள இடம், அதை வைத்துத்தான் நீதிமன்றம் அந்தத் தொகையை நியாயம் என்றது. தெரிந்தவர் மூலம் ஆளைப் பிடித்து, பயிற்சி என்று எதுவும் கொடுக்காத ஒரு யூனிட் அதே தொகையைக் கேட்டு வாங்கிவிட முடியாது. ஒப்பந்தச் சட்டப்படி ஏற்பட்ட இழப்புக்குப் பொருத்தமான ஈடுதான் கிடைக்கும். மனசில்லாமல் உட்கார்ந்திருக்கும் அக்கவுண்டன்டை வைத்துக் கணக்கு எழுதுவதும் யோசிக்க வேண்டிய விஷயம். பாண்டுக்குப் பதில், ஆடிட் முடிந்ததும் ஒரு மாதச் சம்பளம் ஊக்கத்தொகை என்று நியமன ஆணையிலேயே எழுதிக் கொடுங்கள். சுற்று முடியும் வரை இருக்க அவருக்கே ஒரு காரணம் கிடைக்கும்.

பத்து வருஷம் ஒரே இடத்துல இருந்தவர் ஒருத்தர் வந்திருக்கார். இவர்தானே பாதுகாப்பு?

நிலைப்பார் என்பதில் சந்தேகமில்லை. ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில், அதற்கு முன்னும் பின்னும் அவரே கணக்குப் பார்த்தாரா, இல்லை ரிட்டர்னெல்லாம் ஆடிட்டர் அலுவலகம் போட இவர் பில் மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தாரா என்று கேளுங்கள். டேலியைத் திறந்து கொடுத்து ஒரு மாத 2பி-யை ஒத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அரை மணியில் தெரிந்துவிடும். இத்தனை வருடம் இருந்தவர் இப்போது ஏன் கிளம்புகிறார் என்பதையும் மற்றவர்களிடம் கேட்பதைப் போலவே கேளுங்கள்.

நல்லா பார்த்துப் பார்த்துத்தான் எடுக்கறோம். ஆனாலும் எங்க கம்பெனில அக்கவுண்டன்ட் ஒரு வருஷத்துக்கு மேல நிக்கறதில்லை.

அப்படியென்றால் வருகிறவர்களின் ரெசியூமேயைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கடைசியாகப் போன மூன்று பேர் எந்த மாதத்தில் போனார்கள் என்று பாருங்கள். மூன்று பேரும் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நான்காவது மாதத்தில் போயிருந்தால், நேர்முகத்தில் சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை வேறு. அக்கவுண்டன்ட் என்று கூப்பிட்டு வசூலுக்கு அனுப்புவது, வீட்டுக் கரண்ட் பில் கட்டச் சொல்வது எல்லாம் இதில் சேரும். ஆடிட் நேரத்தில் போயிருந்தால், முந்தைய ஆள் விட்டுப்போன குப்பையைப் புதியவர் தலையில் கட்டியிருக்கிறீர்கள். அதற்கு ஆடிட்டரிடம் சொல்லிப் பழைய பாக்கியை ஒரேயடியாகச் சுத்தம் செய்து, ஒரு தேதியைப் போட்டு, இதற்கு முன்னால் உள்ளது உங்கள் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுங்கள். ஒரு வருடம் முடிந்து போயிருந்தால் சம்பள உயர்வைப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு, சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இல்லாத பில்லை ஏற்றச் சொல்லும் இடத்தில் நல்ல அக்கவுண்டன்ட் நிற்க மாட்டார். நேர்முகத்தில் காரணத்தையும் சொல்ல மாட்டார், பெட்டர் ஆப்பர்ச்சூனிட்டி என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்.

நான் அந்தப் பக்கம் இருக்கேன். அஞ்சு வருஷத்துல நாலு கம்பெனி மாறிட்டேன். இனி ஒரே இடத்துல இருக்கணும்னு நினைக்கிறேன், யாரும் கூப்பிடவே மாட்டேங்கறாங்க. ரெசியூமேல எப்படி எழுதறது?

ஒவ்வொரு வேலைக்கும் மாதத்தோடு தேதியைப் போட்டு, பக்கத்திலேயே ஒரே வரியில் விட்ட காரணத்தை எழுதுங்கள். "யூனிட் மூடப்பட்டது", "குடும்பம் கோவைக்கு மாற்றம்", "மூன்று மாதச் சம்பள நிலுவை". கூப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தால் கூப்பிடவே மாட்டார்கள். ஒப்பந்த நிறுவனம் மூலம் வேலை பார்த்தது என்றால் வேலை செய்த மில்லின் பெயரை முதலில் எழுதி, சம்பளம் எந்த நிறுவனம் வழியாக என்று அடுத்து எழுதுங்கள்.

அடுத்த வரியில் அந்த இடத்தில் எதை முடித்தீர்கள் என்று எழுதுங்கள். "2023-24 வருடக் கணக்கு முடித்து, டாக்ஸ் ஆடிட் வரை உடனிருந்தேன்." இந்த ஒரு வரி பத்து வரி திறமைப் பட்டியலுக்கு மேல். எங்கேயாவது ஆடிட்டுக்கு முன்னால் விட்டிருந்தால், அந்த இடத்தில் ஒப்படைத்த பட்டியலின் நகல் இருக்கிறதா பாருங்கள். கம்பெனியின் தொகையெல்லாம் வெளியே காட்டக்கூடாது, ஆனால் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கிவிட்டு வந்தேன் என்று சொல்லலாம். பிஎஃப்-இல் விட்ட தேதி பதியாமல் இருந்தால் இன்றைக்கே தளத்துக்குப் போய்ப் பதிந்துவிடுங்கள், பழைய பிஎஃப் கணக்குகளையும் புதியதோடு சேர்த்துவிடுங்கள். ஐந்து வருடத் தொடர்ச் சேவை இல்லாமல் பிஎஃப் பணத்தை எடுத்தால் வரி உண்டு, மாற்றிச் சேர்த்திருந்தால் பழைய கம்பெனிகளில் இருந்த காலமும் அந்த ஐந்து வருடத்தில் சேரும்.

இந்த முறை சேருவதற்கு முன் நீங்களும் நான்கு விஷயம் கேளுங்கள். சம்பளம் எந்தத் தேதியில், எனக்கு முன்னால் இருந்தவர் எவ்வளவு நாள் இருந்தார், ஜிஎஸ்டி ரிட்டர்ன் எந்த மாதம் வரை போட்டிருக்கிறது, ஆடிட்டர் யார். மூன்றாவது கேள்விக்கான பதிலை அவர்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு நீங்களே தளத்தில் சரிபார்க்கலாம். நாலு மாத ரிட்டர்ன் பாக்கி வைத்துக்கொண்டு உங்களை அவசரமாகச் சேரச் சொல்கிறார்கள் என்றால், ஐந்தாவது கம்பெனியாக அதை ரெசியூமேயில் ஏற்றிக்கொள்ளும் முன் இன்னொரு இடம் பாருங்கள்.